பி.எஃப். டிரஸ்ட் ஆடிட்: உறுப்பினர் லெட்ஜருக்கும் கன்ட்ரோலுக்கும் 3,12,480 ரூபாய் உதைக்கிறது

புதுப்பேனா — செவ்வாய், காலை 10:12

வணக்கம். இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு பி.எஃப். டிரஸ்ட் ஆடிட் என் தலையில் விழுந்திருக்கிறது. கம்பெனிக்கு விலக்கு உண்டு. அதாவது பி.எஃப். பணம் பி.எஃப். ஆபீஸுக்குப் போகாமல் கம்பெனியின் சொந்த டிரஸ்டில் இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் 412 பேர், வேலையை விட்டுவிட்டுப் பணத்தை எடுக்காதவர்கள் 96 பேர். 2024-25 கணக்கு.

பிரச்சினை இதுதான். பேலன்ஸ் ஷீட்டில் உறுப்பினர் நிதி, அதாவது கன்ட்ரோல் கணக்கு, 38,64,36,790 ரூபாய். உறுப்பினர் லெட்ஜரை, அதாவது சாஃப்ட்வேர் உறுப்பினர் வாரியாகத் தரும் பட்டியலைக் கூட்டினால் 38,61,24,310. 3,12,480 ரூபாய் குறைகிறது. டிரஸ்ட் அக்கவுண்டன்ட் இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவர். "ரவுண்டிங்கும் பழைய பாக்கியும் சார், எல்லா வருஷமும் கொஞ்சம் இருக்கும்" என்கிறார். போன வருடப் பைலைப் பார்த்தேன். அதில் வித்தியாசமே இல்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பேங்க் தாத்தா — செவ்வாய், காலை 10:40

38 கோடியில் 3 லட்சம் என்பது 0.1 சதவீதம்கூட இல்லை தம்பி. விவரம் தெரியாத தொகையை ஒதுக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடு. நாங்கள் பிராஞ்ச் ஆடிட்டில் இதைவிடப் பெரிய வித்தியாசமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

கல்யாணி சி.ஏ. — செவ்வாய், காலை 11:25

சார், மன்னிக்கணும், அந்தக் கணக்கு இங்கே சரிவராது. கம்பெனி ஆடிட்டில் 0.1 சதவீதத்தை விட்டுவிடலாம். இங்கே பேலன்ஸ் ஷீட்டின் இடப்பக்கம் முழுக்க 508 பேரின் தனித்தனிப் பணம். 3 லட்சம் என்பது ஒரே ஒருவரின் மொத்தச் சேமிப்பாக இருக்கலாம். அதிலும் கன்ட்ரோல் அதிகமாகவும் லெட்ஜர் குறைவாகவும் இருக்கிறது. பணம் டிரஸ்டில் இருக்கிறது, ஆனால் யார் பேரிலும் இல்லை. பேரில்லாத பணம்தான் முதலில் காணாமல் போகும். அடுத்த வருடம் யாராவது ஒரு பழைய உறுப்பினர் பேரில் வவுச்சர் போட்டு எடுத்துவிட்டால் "வித்தியாசம் சரியாகிவிட்டது" என்று நாமே சந்தோஷப்படுவோம்.

தம்பி, இறுதித் தொகையை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஐந்து துண்டாக வெட்டுங்கள்: ஏப்ரல் 1 ஆரம்ப இருப்பு, வருடத்தில் வந்த சந்தா, வேறு இடத்திலிருந்து மாற்றலாகி வந்த தொகை, வரவு வைத்த வட்டி, கொடுத்த தொகை. சாஃப்ட்வேரில் உறுப்பினர் வாரியாக இந்த ஐந்து பத்தியும் எக்ஸெலில் எடுக்கலாம். பொதுப் பேரேட்டிலும் இந்த ஐந்துக்கும் தனிக் கணக்கு இருக்கும். பத்திக்குப் பத்தி ஒப்பிட்டால் எந்தப் பத்தியில் உதைக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த எண்ணை இங்கே போடுங்கள்.

நெசவாலைக்காரன் — செவ்வாய், மதியம் 12:05

பி.எஃப். டிரஸ்ட் என்றதும் கேட்கிறேன். நான் 2021-ல் ஒரு கம்பெனியை விட்டேன். அங்கேயும் டிரஸ்ட்தான். புதுக் கம்பெனிக்கு மாற்றச் சொல்லி ஃபாரம் 13 கொடுத்து 14 மாதம் ஆகிறது. "பிராசஸில் இருக்கிறது" என்றே சொல்கிறார்கள். என் பணத்துக்கு வட்டி ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

பேங்க் தாத்தா — செவ்வாய், மதியம் 12:20

மூன்று வருடம் சந்தா வராவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும், வட்டி கிடையாது. சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

கல்யாணி சி.ஏ. — செவ்வாய், மதியம் 1:10

அது பழைய கதை சார். 2011 ஏப்ரலிலிருந்து அப்படித்தான் இருந்தது, 2016 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். இப்போது வேலையை விட்டு மூன்று வருடம் ஆனது மட்டுமே காரணமாக வட்டி நிற்காது. 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்று 36 மாதம் எடுக்காமல் விட்டவர், நிரந்தரமாக வெளிநாடு போனவர், இறந்தவர் கணக்குகளுக்குத்தான் அந்த விதி.

நெசவாலைக்காரரே, உங்கள் வயது எனக்குத் தெரியாது, ஆனால் வேலையில் இருக்கிறீர்கள் என்பதால் வட்டி ஓட வேண்டும். டிரஸ்ட் கொடுக்க வேண்டியது இரண்டு: பணம், கூடவே அனெக்ஷர் கே என்ற விவரத் தாள். பணம் போய் அந்தத் தாள் போகாவிட்டாலும் புது இடத்தில் வரவு வைக்க மாட்டார்கள். முதலில் எது நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பி.எஃப். ஆபீஸின் EPFiGMS தளத்தில் புகார் போடுங்கள், விலக்கு பெற்ற டிரஸ்ட் மீதும் போடலாம். மேற்கொண்டு கேட்பதென்றால் தனி இழை திறந்துவிடுங்கள், இங்கே தம்பியின் கணக்கு ஓடட்டும்.

புதுப்பேனா — புதன், மாலை 4:35

அக்கா, வெட்டிப் பார்த்துவிட்டேன். ஆரம்ப இருப்பு சரி. சந்தா சரி. மாற்றலாகி வந்த தொகையும் சரி. உதைப்பது இரண்டு பத்தியில்தான். கொடுத்த தொகை லெட்ஜரில் 2,46,300 அதிகம். வட்டி லெட்ஜரில் 66,180 குறைவு. கூட்டினால் சரியாக 3,12,480. ரவுண்டிங் என்று சொன்னவரிடம் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கல்யாணி சி.ஏ. — புதன், மாலை 5:50

நல்லது. முதலில் 2,46,300. லெட்ஜர் "கொடுத்தாகிவிட்டது" என்கிறது, பேரேடு "கொடுக்கவில்லை" என்கிறது. இந்தத் தொகையை பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இரண்டு பக்கமும் தேடுங்கள். பற்றிலும் இருந்து, ஓரிரு நாளில் வரவிலும் இருந்தால் நெஃப்ட் திரும்பி வந்திருக்கிறது.

வட்டிக்கு: சாஃப்ட்வேர் ஒவ்வொருவருக்கும் தேதி பார்த்துப் போடுகிறது. பேரேட்டில் போட்ட வட்டியை அக்கவுண்டன்ட் எப்படிக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். மாதாந்திர மொத்தத்தை வைத்து எக்ஸெலில் போட்டிருந்தால், இரண்டுக்கும் நடுவே தேதிக் கோளாறு இருக்கும். என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு மாற்றலாகி வந்த தொகையில்தான் இருக்கும். தொகை பொருந்துகிறது என்று விட்டுவிடாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

புதுப்பேனா — வியாழன், காலை 11:48

இரண்டும் கிடைத்துவிட்டது!

ஓய்வு பெற்ற ஒருவருக்கு மார்ச் 18 அன்று 2,46,300 நெஃப்ட் போயிருக்கிறது. அவர் கொடுத்த கணக்கு மூடப்பட்டதாம், மார்ச் 20 அன்று திரும்பி வந்துவிட்டது. அக்கவுண்டன்ட் பேரேட்டில் உறுப்பினர் நிதிக்கே வரவு வைத்துவிட்டார். சாஃப்ட்வேரில் அவர் "செட்டில்டு" என்று பூஜ்யமாகவே நிற்கிறார். நாங்கள் கேட்டதும் போன் போட்டார்கள். அந்த மனிதர் மூன்று மாதமாக "இன்னும் வரிசையில் இருக்கிறது போல" என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

வட்டி அக்கா சொன்ன மாதிரியே. மூன்று பேருக்கு பழைய இடத்திலிருந்து மொத்தம் 12,03,273 ரூபாய் 2024 ஜூலையில் பேங்கில் வந்திருக்கிறது. அனெக்ஷர் கே தாமதமாக வந்ததால் மார்ச்சில்தான் சாஃப்ட்வேரில் ஏற்றியிருக்கிறார்கள், மார்ச் தேதி போட்டே. பேரேட்டு எக்ஸெல் ஜூலையைப் பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 8 மாதம், 8.25 சதவீதம்:

```
12,03,273 × 8.25% × 8/12 = 66,180
```

பைசா பிசகாமல் அதே தொகை. மூன்று பேரும் வட்டியை இழந்திருப்பார்கள்.

பேங்க் தாத்தா — வியாழன், மதியம் 12:15

சபாஷ். என் சஸ்பென்ஸ் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கல்யாணி சி.ஏ. — வியாழன், மதியம் 12:40

இப்போது இரண்டு பக்கமும் பொருந்திவிடும். ஆனால் பொருந்தியதாலேயே எல்லாம் சரி என்று ஆகாது, இந்த உதாரணத்திலேயே பாருங்கள். அந்த ஓய்வு பெற்றவருக்கு பிப்ரவரி வரைதான் வட்டி போட்டுக் கொடுத்திருப்பார்கள், பணம் எடுக்கும் மாதத்துக்கு முந்தைய மாதம் வரை என்பதுதான் அப்போதைய விதி. பணம் அவர் கைக்குப் போகவே இல்லை, டிரஸ்டிலேயே இருந்தது. மார்ச் மாத வட்டி ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ரூபாய் லெட்ஜரிலும் இல்லை, பேரேட்டிலும் இல்லை. இரண்டிலும் இல்லாததை எந்த ஒப்பீடும் காட்டாது.

திருச்சி டிரஸ்டி — வியாழன், மதியம் 2:30

நான் ஒரு தொழிற்சாலையின் டிரஸ்டில் ஊழியர் தரப்பு டிரஸ்டி. கடைசி விஷயத்தில் மேடம் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். க்ளெய்ம் மார்ச்சில் பாஸாகிவிட்டது, டிரஸ்ட் அனுப்பிவிட்டது. தப்பான கணக்கு எண் கொடுத்தது உறுப்பினர். இதற்கும் வட்டி கொடுக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது?

கல்யாணி சி.ஏ. — வியாழன், மதியம் 3:05

அனுப்பியவர் மீது தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணம் டிரஸ்டின் பேங்க் கணக்கில் இருந்து சம்பாதித்தது யாருக்கு? நான் ஆடிட்டராக இருந்தால் டிரஸ்டிகள் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் கேட்பேன். வேண்டாம் என்று தீர்மானித்தாலும் அது மினிட்ஸில் இருக்கட்டும். நீங்கள் ஊழியர் தரப்பு டிரஸ்டியாக இருந்துகொண்டு இப்படிப் பேசுவதுதான் ஆச்சரியம் :)

சம்பளச்சீட்டு — வியாழன், மாலை 6:10

நான் பேரோல் பார்ப்பவள். சந்தாப் பத்தி பொருந்தியது என்று சொன்னார் இல்லையா, அது லெட்ஜருக்கும் பேரேட்டுக்கும் பொருந்தியது. இரண்டுக்கும் எண் வருவது எங்கள் பேரோல் ஃபைலிலிருந்துதான். நாங்களே தப்பாகப் போட்டிருந்தால் இரண்டிலும் அதே தப்புதான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி பங்கு 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகும், உச்சம் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு, அதாவது மாதம் 1,250. விலக்கு பெற்ற கம்பெனியும் இதை பி.எஃப். ஆபீஸுக்குத்தான் கட்டணும். மீதி டிரஸ்டுக்கு. ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000-ஐத் தாண்டியிருந்தவர் பென்ஷன் திட்டத்தில் சேரவே முடியாது. அவருக்கு முழு 12 சதவீதமும் டிரஸ்டுக்கு வரணும். எங்கள் சாஃப்ட்வேர் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 1,250-ஐ வெட்டி அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 7 பேர். ஆளுக்கு வருடம் 15,000, மொத்தம் 1,05,000. நான்கு வருடம் எந்த ஆடிட்டரும் பார்க்கவில்லை. ஒருவர் வேலையை விட்டு க்ளெய்ம் போட்டபோதுதான் வெளியே வந்தது. அங்கே கட்டிய பணத்தைத் திருப்பி வாங்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

புதுப்பேனா — வியாழன், இரவு 9:20

இதை நான் யோசிக்கவே இல்லை. எப்படிப் பிடிப்பது? 412 பேரையும் பார்க்கணுமா?

சம்பளச்சீட்டு — வியாழன், இரவு 9:45

வேண்டாம். 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பட்டியலை எச்.ஆர்.-இடம் வாங்குங்கள். அதில் சேரும்போது 15,000-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் வடிகட்டுங்கள். அவர்களில் பி.எஃப். ஆபீஸுக்கு மாதாமாதம் போகும் ECR பட்டியலில் பென்ஷன் பத்தியில் 1,250 இருப்பவர் யார் என்று பாருங்கள். ஏற்கெனவே வேறு கம்பெனியில் பென்ஷன் உறுப்பினராக இருந்து வந்தவருக்கு 1,250 சரிதான், அதனால் வேலையில் சேரும்போது கொடுக்கும் ஃபாரம் 11-ஐப் பார்க்காமல் யாரையும் தப்பு என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம், பணம் டிரஸ்டின் பேங்கில் விழுந்த தேதியைப் பாருங்கள், அடுத்த மாதம் 15-க்குள் இருக்கணும். கம்பெனி லெட்ஜர் தேதி உதவாது, பேங்க் தேதிதான்.

திருச்சி டிரஸ்டி — வெள்ளி, காலை 9:30

முதலீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம். பி.எஃப். ஆபீஸ் அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் டிரஸ்டும் கொடுக்கணும், குறைந்தால் கம்பெனி கையிலிருந்து போடணும். 2024-25-க்கு அது 8.25 சதவீதம். அரசுப் பத்திரம் தருவது அதைவிடக் குறைவு. ஆனால் எங்கள் டிரஸ்ட் போன வருடம் கம்பெனியிடம் ஒரு பைசா கேட்கவில்லை, உபரிகூடக் காட்டியது. கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் எப்படி என்று புரியவில்லை.

கல்யாணி சி.ஏ. — வெள்ளி, காலை 11:15

சார், உங்கள் சந்தேகம் நியாயமானது. 38 கோடி டிரஸ்டில் ஒரு சதவீத இடைவெளி என்றால் 38 லட்சம். அதை கம்பெனியிடம் கேட்கும் கடிதம் எழுத எந்த அக்கவுண்டன்டுக்கும் பிடிக்காது. அதனால் வருமானத்தை ஊதிப் பெருக்கும் வழிகள் தானாகவே முளைக்கும், சில நேரம் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேகூட. நான் அதிகம் பார்த்தது ஒன்று.

7.26% GS 2033 என்ற அரசுப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 6, ஆகஸ்ட் 6 என்று வருடம் இரண்டு முறை வட்டி வரும். ஒரு கோடி முகமதிப்புக்கு ஒவ்வொரு முறையும் 3,63,000. டிரஸ்ட் இதை நவம்பர் 6 அன்று வாங்குகிறது. ஆகஸ்ட் 6 முதல் நவம்பர் 6 வரை மூன்று மாத வட்டி விற்றவருக்குச் சேர வேண்டியது, அதனால் விலையோடு சேர்த்து 1,81,500 கொடுக்கிறோம். பிப்ரவரியில் முழு 3,63,000 நமக்கு வருகிறது. அதில் பாதி, நாம் முன்பே கொடுத்ததன் திருப்பம்தான். வருமானம் 1,81,500 மட்டுமே. ஆனால் அக்கவுண்டன்ட் வாங்கும்போது கொடுத்த 1,81,500-ஐ முதலீட்டின் அடக்கவிலையில் ஏற்றிவிட்டு, வந்த 3,63,000 முழுவதையும் வருமானம் என்று காட்டுகிறார். வருடத்தில் பத்துப் பத்திரம் வாங்கினால் உபரி எங்கிருந்து வந்தது என்று புரியும். 2033-ல் அசல் திரும்பும்போது அடக்கவிலைக்கும் முகமதிப்புக்கும் உள்ள ஓட்டை தெரியும். அப்போது நீங்கள் யாரும் டிரஸ்டியாக இருக்க மாட்டீர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். புரோக்கரின் டீல் ஸ்லிப்பில் விலை தனி, கடந்த கால வட்டி தனி என்று இரண்டு வரி இருக்கும். முதலீட்டுக் கணக்கில் ஏறியது இரண்டின் கூட்டுத்தொகையா என்று பாருங்கள், போதும்.

ஓய்வு நிதியாளர் — வெள்ளி, மதியம் 1:40

பத்திரம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மார்ச் 31 ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்டை டிரஸ்ட் கொடுக்கும் பி.டி.எஃப்.-ஆக வாங்காதீர்கள். டீமேட் வைத்திருக்கும் இடத்திலிருந்தும், அரசுப் பத்திரத்துக்கு CSGL கணக்கு இருக்கும் பேங்கிலிருந்தும் நேராக ஆடிட்டர் பேருக்கு வரட்டும். பத்திரத்தின் அடையாள எண்ணான ISIN, முகமதிப்பு இரண்டையும் பொருத்துங்கள்.

இன்னொன்று, ரேட்டிங். 2018 நடுப்பகுதி வரை ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். பத்திரங்கள் டிரிபிள் ஏ. செப்டம்பரில் "டி", அதாவது தவணை தவறியது. எத்தனையோ பி.எஃப். டிரஸ்டுகள் கையில் அவை இருந்தன. உத்தரப் பிரதேச மின்துறை ஊழியர் டிரஸ்ட் டி.எச்.எஃப்.எல். டெபாசிட்டில் போட்டதில் 2,000 கோடிக்கு மேல் சிக்கிக்கொண்டது 2019-ல் வெளியே வந்தது, ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கே ரேட்டிங்கை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் டெபாசிட் போட முதலீட்டு விதி இடம் கொடுத்ததா, யார் கையெழுத்தில் போனது என்பதுதான் கேள்வி. நீங்கள் அடக்கவிலையில் காட்டும் பட்டியலில் வட்டி வராமல் நிற்கும் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று, வரவேண்டிய வட்டிப் பட்டியலைப் பாருங்கள். ஒரே தொகை இரண்டு வருடமாக "வரவேண்டியது" என்றே நின்றால் அது வராது.

திருச்சி டிரஸ்டி — வெள்ளி, மாலை 4:20

மேடம் சொன்னதைப் போய்ப் பார்த்தேன். எங்கள் உபரி வேறு வழியில் வந்திருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் பங்குச்சந்தை நிதியான ஈ.டி.எஃப். யூனிட்டுகளை விற்று லாபத்தை எடுத்து, அதை வைத்து 8.25 கொடுத்திருக்கிறார்கள். இது தப்பா? பி.எஃப். ஆபீஸே ஈ.டி.எஃப். விற்று வட்டி கொடுக்கிறதே.

ஓய்வு நிதியாளர் — வெள்ளி, மாலை 5:00

விற்றுக் காசானால் அது உண்மையான லாபம், தப்பில்லை. விற்காமல் சந்தை விலையை வைத்து ஏற்றியிருந்தால்தான் தப்பு.

கல்யாணி சி.ஏ. — வெள்ளி, மாலை 5:35

அவ்வளவு லேசாக விட எனக்கு மனம் வரவில்லை. விற்ற மறுநாள் அதே ஈ.டி.எஃப்.-ஐ அதே அளவு திரும்ப வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் கையில் இருப்பது மாறவில்லை, இந்த வருடக் கணக்கில் கம்பெனி போட வேண்டிய பணம் மட்டும் மிச்சமாகியிருக்கிறது. சட்டப்படி குறை சொல்ல முடியுமா என்பதில் நானும் என் பார்ட்னரும் இரண்டு வருடமாகச் சண்டை போடுகிறோம். நான் குறிப்பில் தொகையைத் தனியாகக் காட்டச் சொல்வேன், அவர் தேவையில்லை என்பார்.

புதுப்பேனா — சனி, காலை 10:05

கொடுத்த தொகைக்கு வவுச்சர் எடுத்து 25 சாம்பிள் பார்த்தேன். முழுப் பணத்தையும் கேட்கும் ஃபாரம் 19, கேன்சல்டு செக், டிரஸ்டி கையெழுத்து எல்லாம் இருக்கிறது. போதுமா?

கல்யாணி சி.ஏ. — சனி, காலை 10:50

தில்லுமுல்லு நடந்த வவுச்சரில்தான் எல்லாத் தாளும் கச்சிதமாக இருக்கும். எதிர்த்திசையில் வாருங்கள். எச்.ஆர்.-இடமிருந்து வேலையை விட்டவர்கள் பட்டியலை வாங்கி, முழு செட்டில்மென்ட் வாங்கிய ஒவ்வொருவரும் அதில் இருக்கிறாரா என்று பாருங்கள். இன்னும் சம்பளம் வாங்குபவருக்கு ஃபாரம் 19 போயிருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு அந்த 96 பேர். பல வருடம் தொடாமல் கிடந்து திடீரென்று பணம் போன கணக்குகளை எல்லாம் பாருங்கள், சாம்பிள் வேண்டாம். பணம் போவதற்குச் சற்று முன் பேங்க் கணக்கு எண் மாறியிருக்கிறதா என்பது முக்கியம். கடைசியாக, ஒரே பேங்க் கணக்குக்கு இரண்டு உறுப்பினர் பணம் போயிருக்கிறதா? நெஃப்ட் ஃபைலை எக்ஸெலில் போட்டு, கணக்கு எண் F பத்தியில் இருந்தால்:

```
=SUMPRODUCT(--($F$2:$F$500=F2))>1
```

COUNTIF போடாதீர்கள். கணக்கு எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் அது முதல் 15 இலக்கத்தை மட்டும் பார்த்து வேறு வேறு கணக்கையும் ஒன்று என்று சொல்லிவிடும். பத்தியும் டெக்ஸ்டாக இருக்கட்டும், இல்லையென்றால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். நான் ஒருமுறை 11 பேரைச் சந்தேகப்பட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

புதுப்பேனா — சனி, மாலை 6:30

TRUE என்று இரண்டு வரி வந்தது. கணவனும் மனைவியும், இருவரும் அதே கம்பெனி, ஜாயின்ட் அக்கவுண்ட். எச்.ஆர். பட்டியலிலும் இருவரும் விலகியவர்கள்தான்.

96 பேரில் ஒன்று மட்டும் இடிக்கிறது. 2009-ல் விலகிய ஒருவர், ஜனவரியில் 4 லட்சம் சொச்சம் போயிருக்கிறது, டிசம்பரில் கணக்கு எண் மாற்றக் கடிதம். கையெழுத்து பழைய நாமினேஷன் தாளோடு ஒத்துப்போகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அக்கவுண்டன்ட் "அவரே நேரில் வந்தார்" என்கிறார்.

கல்யாணி சி.ஏ. — சனி, மாலை 6:42

கையெழுத்தை விடுங்கள், நீங்களோ நானோ அதில் நிபுணர் இல்லை. எச்.ஆர். பைலில் இருக்கும் பழைய முகவரிக்கு உங்கள் ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் இருப்பை உறுதிசெய்யச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மாற்றக் கடிதத்தில் இருக்கும் முகவரிக்கு அனுப்பாதீர்கள். பதில் உங்களுக்கே நேராக வரட்டும், அக்கவுண்டன்ட் கைவழியாக வேண்டாம். பணம் போன பேங்கிலிருந்து கணக்கு யார் பேரில் என்ற உறுதியையும் டிரஸ்டிகளே கேட்டு வாங்கட்டும். அது வரும்வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதுப்பேனா — சனி, இரவு 8:15

திங்கள் காலை தபால் போகிறது. பழைய முகவரி உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.